இரட்டை அம்பு போட்ட செய்தி

சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் காலை ஆறு மணிக்கே குடும்பக் குழுவில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் திருவதிகை வீரட்டானம், தமக்கை திலகவதியார் கையால் வாங்கிய திருநீறு என்று ஆரம்பித்து, பாதிக்கு மேல் வயிற்றுப்புண்ணுக்கு ஒரு கைமருந்து சொல்லி, 'இனி மாத்திரையே வேண்டாம்' என்று முடிந்திருந்தது. முதல் பாதி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அடுத்த பாதியை யார் எழுதி ஒட்டினார்களோ! செய்திக்கு மேலே சின்னதாக இரட்டை அம்புக்குறி. ஐந்து கை, அதற்கும் மேல் மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்த அடையாளத்தைப் போடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் இருவர். அந்த அம்பைப் பார்த்ததும் அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

கை மாறி வரும் செய்தி ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல. நான் அரை டிரவுசர் போட்ட காலத்தில் வீட்டுக்குத் தபால் கார்டு வரும். இன்ன கோயிலில் பாம்பு வந்து படமெடுத்து அர்ச்சகரிடம் பேசியது, இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதிப் போட வேண்டும், போட்டவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவருக்குக் கை முடங்கியது என்று இருக்கும். வசதியுள்ளவர்கள் நோட்டீஸாகவே அச்சடித்துப் பண்ருட்டி பஸ் நிலையத்தில் கொடுப்பார்கள். எங்கள் அம்மா கார்டை சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவாள். கிழிக்கவும் மாட்டாள், எழுதிப் போடவும் மாட்டாள். கார்டுக்குக் காசு வேண்டும், எழுதக் கை வலிக்கும். அந்த இரண்டும்தான் அன்றைக்கு வதந்திக்குக் கடிவாளம். இன்றைக்கு விரல் பட்டால் போதும். 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் இதே போல நடந்த பிறகு, அந்த வருடமே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்படுத்தியது. 2020-இல் கொரோனா வந்தபோது, இரட்டை அம்பு போட்டதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டும்தான் என்றது.

அந்தக் கொரோனா ஓய்ந்து பள்ளிகள் திறந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில்தான் அந்தப் பெண்கள் இருவரும் வந்தார்கள். ஒருத்தி முந்திரி உடைக்கிற வீட்டுப் பெண். விரல் நுனியில் முந்திரிப்பால் பட்ட கறுப்பு இருக்கும். இன்னொருத்தி தபால்காரர் மகள். நான் பொருளியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருப் பிள்ளைகளுக்கு எப்போதும் 'சார்'தான்.

"சார், செயல்திட்டம் குடுத்திருக்காங்க. கள ஆய்வு பண்ணணுமாம். நாங்க சோசியல் மீடியா பத்திப் பண்ணலாம்னு இருக்கோம்."

அக மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் செயல்திட்டத்துக்கு உள்ளது சிறு பங்குதான். ஆனால் பள்ளியில் கண்காட்சியும் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்ததால் இரண்டு பேருக்கும் கண்ணில் பளபளப்பு. நோட்டில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டு, பூ வரைந்து கொண்டுவந்திருந்தார்கள்: 'சமூக ஊடகங்களும் இன்றைய மாணவர் சமுதாயமும்.'

"சரி. இதை வச்சு ஒரே ஒரு கேள்வி எழுது. நாளைக்கு உன் வகுப்புல ஒரு பையன்கிட்ட கேக்கப்போற முதல் கேள்வி."

ஒருத்தி பேனாவைக் கடித்தாள். மற்றவள் எழுதினாள்: 'சமூக ஊடகத்தால் நன்மையா, தீமையா?'

பொங்கலன்று டிவியில் போடலாம், மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம் என்றேன். சிரித்தார்கள். பையனிடம் கேட்டால் 'ரெண்டும்தான்' என்பான். நூறு பேரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். தலைப்பு தேறுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்: அதிலிருந்து நேராக ஒரு கேள்வி இறங்குகிறதா, அந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் வேறு பதில் வருமா?

இதை நான் கற்றது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது. 'பண்ருட்டிப் பலாப்பழ வியாபாரம்' என்று நீட்டினேன். எங்கள் பேராசிரியர் பென்சிலால் ஓரத்தில் வரிசையாக எழுதினார்: எந்தச் சந்தை? விளைவித்தவனா, கமிஷன் மண்டிக்காரனா, தலையில் சுமந்து விற்கிறவளா? எந்த மாதம்? சித்திரையில் பழம் குவிந்து கிடக்கும்போது கேட்கிற விலையும் பருவத்தின் ஆரம்பத்தில் கேட்கிற விலையும் ஒன்றா? அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்த எரிச்சல் பஸ் கடலூர் தாண்டும் வரை இருந்தது. பிறகு வாத்தியாராகி, குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன வருடங்களில் அதே கேள்விகளை நான் கேட்க ஆரம்பித்தேன். 1993 முதல் தேசிய அளவில் நடப்பது அது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் முன்னின்று நடத்துவார்கள். அங்கே வரும் தலைப்புகளில் பாதி '... குறித்த விழிப்புணர்வு – ஓர் ஆய்வு' என்றே இருக்கும். விழிப்புணர்வை எதைக் கொண்டு அளந்தாய் என்று கேட்டால் பிள்ளை வழிகாட்டி ஆசிரியரைப் பார்க்கும். ஆசிரியர் சன்னலைப் பார்ப்பார்.

இவர்களிடம் முதலில் கேட்டது, எந்த ஊடகம் என்று. இன்ஸ்டாகிராம் என்றாள் ஒருத்தி. வகுப்பில் யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வரச் சொன்னேன். மறுநாள் முகம் வேறு மாதிரி இருந்தது. இன்ஸ்டாகிராம் இருப்பதாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர். அதைச் சொல்லவே பெண்கள் பயப்பட்டார்களாம். சொந்த ஃபோன் இல்லாதவர்கள் நிறைய. அப்பா ஃபோன், அண்ணன் ஃபோன், கொரோனா சமயத்தில் பாடம் அனுப்புவார்கள் என்று கடன் வாங்கி வாங்கிய ஃபோனை வீட்டில் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் எப்படிப் பார்த்தாலும் வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் இருந்தது. பள்ளிக்கூடமே அதில்தானே நடந்தது! ஆக ஊடகம் முடிவாயிற்று. 'பயன்படுத்துபவர்' என்றால் சொந்த ஃபோன் வைத்திருப்பவர் அல்ல, போன வாரத்தில் யார் ஃபோனிலாவது வாட்ஸ்அப்பைத் திறந்தவர் என்றும் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த தலைப்பு 'வாட்ஸ்அப் பயன்பாட்டால் மாணவர்களின் மதிப்பெண்ணில் ஏற்படும் தாக்கம்.' இதில் இருவருக்கும் ரொம்ப நம்பிக்கை. பெரியவர்களுக்குப் பிடித்த தலைப்பு வேறு.

முந்திரி வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். "நேத்து எத்தனை மணி நேரம் வாட்ஸ்அப் பார்த்த?"

"ஒரு மணி நேரம் இருக்கும் சார்."

"எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று ஃபோனே கணக்குக் காட்டும். ஆனால் மூன்று பேர் பார்க்கிற ஃபோனில் அந்தக் கணக்கு மூன்று பேருடையது. சரி, நேரமும் தெரிந்தது, மதிப்பெண்ணும் தெரிந்தது, அதிகம் பார்க்கிறவன் குறைவாக வாங்கியிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஃபோன் பார்த்ததால் குறைந்ததா, படிப்பு ஏறாததால் ஃபோனுக்குப் போனானா? இவள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைக்க வேண்டும். சீசன் நேரத்தில் இரவு வரை. அந்த மாதத் தேர்வில் மதிப்பெண் இறங்கினால் அது வாட்ஸ்அப் கணக்கிலா, முந்திரிக் கணக்கிலா? ஒரே ஒரு நாள் படிவம் கொடுத்து வாங்குகிற ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்று சொல்லலாம், இது அதைச் செய்தது என்று சொல்லக் கூடாது. 'தாக்கம்' என்று தலைப்பில் போட்டுவிட்டால் கடைசிப் பக்கத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தபால்காரர் மகளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப எதைத்தான் சார் பண்றது?"

"உனக்கு இதுல நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கறது என்ன? புத்தகத்துல இருக்கறதைச் சொல்லாத."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு அவள் ஆயா கதையைச் சொன்னாள். பெரியப்பா அனுப்பிய ஏதோ ஒரு கஷாயச் செய்தியைப் படித்துவிட்டு ஆயா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். ஒரு வாரம் கழித்துத் தலைசுற்றி விழுந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. "அந்த மெசேஜை எங்க அத்தைக்கு நான்தான் சார் அனுப்பினேன். படிக்கவே இல்ல. அப்படியே அனுப்பிட்டேன்."

இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இரட்டை அம்பைப் பற்றி அவர்கள் எனக்கு விளக்கியதும் அன்றைக்குத்தான். படிக்காமலே ஏன் அனுப்புகிறோம்? அனுப்புமுன் யாராவது ஏதாவது செய்கிறார்களா? இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். பக்கத்து பெஞ்சிலேயே கேட்கலாம். அன்று சாயங்காலம் எழுதிய தலைப்பு: 'வாட்ஸ்அப்பில் வரும் உடல்நலச் செய்திகளைப் பிறருக்கு அனுப்புமுன் மாணவர்கள் சரிபார்க்கும் வழக்கம்.'

இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆய்வு முடிந்ததும் ஒட்டப்போகிற அட்டவணையை இப்போதே கட்டம் போடச் சொன்னேன். எண் இல்லாமல், வெறும் கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக, அனுப்புமுன் என்ன செய்தார்: ஒன்றும் செய்யவில்லை, அனுப்பியவரையே கேட்டார், வேறு பெரியவரைக் கேட்டார், இணையத்திலோ டிவியிலோ பார்த்தார். மேலே குறுக்கே, செய்தி எங்கிருந்து வந்தது: குடும்பக் குழு, நண்பர் குழு. பெரியப்பா அனுப்பினால் ஒரு மாதிரியும் கூடப் படிக்கிறவன் அனுப்பினால் ஒரு மாதிரியும் நடந்துகொள்கிறோமா என்பதில் தபால்காரர் மகளுக்கு ஒரு சந்தேகம். நல்ல சந்தேகம்தான். பிறகு, சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேரைக் கேட்டு, கட்டங்களில் சும்மா ஒரு கோடு போட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. குடும்பக் குழு என்ற வரிசையில் கோடுகள் இருந்தன. நண்பர் குழு வரிசை வெறுமை. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கஷாயக் குறிப்பு அனுப்பிக்கொள்வார்களா என்ன? மீம்ஸ், கிரிக்கெட், கேள்வித்தாள் படம் இவைதான். அறுபது பேரைக் கேட்டிருந்தாலும் அந்தப் பாதி காலியாகவே இருந்திருக்கும். படிவம் அச்சடித்து, இரண்டு பள்ளி அலைந்து, கடைசியில் தெரிய வேண்டியது ஒரு தாளில் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. 'சரிபார்ப்பீர்களா?' என்று கேட்டதற்கு எல்லாருமே ஆமாம் என்றிருந்தார்கள். அப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்! ஒரு பையனை மட்டும் தபால்காரர் மகள் மடக்கியிருந்தாள்: 'கடைசியா எதை அனுப்பின, அதுக்கு முன்னாடி என்ன பண்ணின?' அவன் வழிந்துகொண்டே சொன்னானாம்: 'நாளைக்கு லீவுன்னு வந்துச்சு. ஒண்ணும் பண்ணல, உடனே போட்டேன்.'

திண்ணையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடலூர் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு மழை விடுமுறையின் மகிமையைச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. 2015 வெள்ளம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு உண்டானால் பிள்ளைகள் எல்லாம் கலெக்டர் வாயைத்தான் பார்க்கும். என் காலத்தில் விடுமுறையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கெடிலத்தில் தண்ணீர் போகிற போக்கைப் பார்த்தபடி நனைந்துகொண்டே பள்ளிக்குப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவது. பிறகு ரேடியோ, அப்புறம் டிவியில் கீழே ஓடும் எழுத்து. இப்போது முந்தின நாள் சாயங்காலமே வாட்ஸ்அப் தெறிக்கிறது. அதில் பாதி, தேதி இல்லாத பழைய டிவி படம். சிலது பக்கத்து மாவட்டத்துக்கு உரியது. சிலது கல்லூரிக்கா பள்ளிக்கா என்ற வரியை வெட்டியது.

இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது. அது எல்லாருக்கும் வருகிறது. குடும்பக் குழுவிலும் வருகிறது, நண்பர் குழுவிலும் வருகிறது, எனவே இரண்டு வரிசையும் நிரம்பும். உண்மையா பொய்யா என்பதில் தகராறு இல்லை, மாவட்ட ஆட்சியர் அறிவித்தாரா இல்லையா என்பதோடு முடிந்தது. கஷாயத்தில் அப்படி முடியாது. சரிபார்ப்பது என்றால் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடலாம்: தேதியையும் மாவட்டப் பெயரையும் பார்ப்பது, டிவிச் செய்தியோடு ஒப்பிடுவது, வகுப்பாசிரியரைக் கேட்பது. அதோடு, விடுமுறைப் புரளியை அனுப்பினேன் என்று ஒப்புக்கொள்வதில் பெரிய வெட்கம் இல்லை. ஆயாவுக்கு மாத்திரை நிறுத்தவைத்தேன் என்று யார் படிவத்தில் எழுதுவார்கள்? உடல்நலச் செய்தியை விடுவதில் தபால்காரர் மகளுக்குத்தான் மனசில்லை. அது முக்கியமான விஷயம், இது விளையாட்டு மாதிரி இருக்கிறது என்றாள். முக்கியமானதை அளக்க முடியாவிட்டால், அளக்க முடிந்ததில் அதே பழக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் அதை வைத்துக் கஷாயத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது இடம். 'தமிழக மாணவர்கள்' என்று எழுதப்போனவளைத் தடுத்து, எத்தனை பள்ளிக்கு உன்னால் போக முடியும் என்று கேட்டேன். சைக்கிளில் இரண்டு. அந்த இரண்டிலும் தலைமையாசிரியர் அனுமதி வாங்க வேண்டும், ஃபோனைக் காட்டச் சொல்லக் கூடாது, படிவத்தில் பெயர் எழுத வைக்கக் கூடாது, ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு பள்ளியில் ஒவ்வொரு வகுப்பு என்றால் தலைப்பிலும் அவ்வளவுதான் வர வேண்டும். கடைசியில் நின்றது இது:

'மழை விடுமுறை பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? பண்ருட்டி நகரின் இரு பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பினரிடையே ஒரு கள ஆய்வு.'

பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லையாம். கேள்விக்குறியோடு தலைப்பு வைப்பார்களா, 'விழிப்புணர்வு' எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார். நல்ல மனுஷர், கண்காட்சிக்கு வரும் அதிகாரிகளை நினைத்துச் சொல்லியிருப்பார். பெண்கள் சண்டை போடவில்லை. சார்ட்டில் கேள்வியைப் பெரிய எழுத்திலும் இடத்தையும் வகுப்பையும் கீழே சின்ன எழுத்திலும் எழுதினார்கள். விழிப்புணர்வுக்காக ஓரத்தில் ஒரு குடை வரைந்தாள் முந்திரி வீட்டுப் பெண்.

படிவம் கொடுத்துக்கொண்டிருந்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. முதல் பள்ளியில் வாங்கி முடித்திருந்தார்கள். இரண்டாவதில் பாதி. அன்று இரவு போலி விடுமுறைச் செய்தி ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. காலையில் நம்பி வீட்டிலிருந்தவர்களுக்கு ஆப்சென்ட் விழுந்தது. மறுநாள் படிவம் நிரப்பியவர்கள் எல்லாம் திடீரென்று டிவி பார்க்கிறவர்களாகவும் தேதி பார்க்கிறவர்களாகவும் மாறிவிட்டார்கள். இரண்டையும் கலந்தால் எந்தப் பள்ளியில் எப்படி என்றே சொல்ல முடியாது. நல்லவேளை, படிவத்தின் தலையில் தேதிக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து படிவங்களை அந்த மழைக்கு முன், அந்த மழைக்குப் பின் என்று இரண்டு கட்டாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டார்கள். தபால்காரர் மகள் சார்ட்டை விரித்து, சின்ன எழுத்து வரியின் கடைசியில் பால்பாயின்ட் பேனாவால் 'நவம்பர் மாதம்' என்று சேர்த்தாள். இடம் போதாமல் 'மாதம்' குடையின் கம்பி மேல் ஏறிவிட்டது.